டைபாய்டு: காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தலாமா?

"கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் டைபாய்டு உறுதி. அசித்ரோமைசின் 7 நாள் எழுதினார்கள். 5ஆம் நாளே காய்ச்சல் இல்லை. நிறுத்திவிடலாமா? முன்பு சிப்ரோ என்ற சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைதானே கொடுப்பார்கள்?"

நிறுத்தாதீர்கள், மீதி 2 நாளும் போடுங்கள். ரத்தத்தில் கிருமி குறைந்ததும் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் டைபாய்டு கிருமி நம் வெள்ளணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழக்கூடியது. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் தங்கும். அசித்ரோமைசின் அணுக்களுக்குள் நன்றாகச் சேர்வதால்தான் இங்கே பயன்படுகிறது. பாதியில் விட்டால் மிஞ்சியவை பெருகி, பெரும்பாலும் 2, 3 வாரத்தில் காய்ச்சல் திரும்பும். முழுதாகப் போட்டவர்களுக்கும் சிலசமயம் திரும்புவதுண்டு. வந்தால் வீட்டில் மிஞ்சிய மாத்திரையைத் தொடாமல் மறுபடி கல்ச்சர் எடுங்கள்.

சிப்ரோ ஒரு காலத்தில் அருமையாக வேலை செய்தது. அது தாக்கும் நொதியைக் கிருமி மாற்றிக்கொண்டதால் தெற்காசியாவில் இப்போது பெரும்பாலும் பலிப்பதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய வகைக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் பயனில்லை. அதற்கு வாய்வழி மருந்தாக எஞ்சியிருப்பது ஏறக்குறைய அசித்ரோமைசின் ஒன்றுதான். அதற்கும் எதிர்ப்புள்ள கிருமிகள் அங்கங்கே தென்படத் தொடங்கிவிட்டன.

கல்ச்சர் அறிக்கையில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே S என்றால் கேட்கும், R என்றால் கேட்காது. அசித்ரோமைசினுக்கு R இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இறங்க 4 முதல் 6 நாள் ஆவது இயல்புதான். ஆனால் கடும் வயிற்றுவலியோ கறுப்பு மலமோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். குடலில் ரத்தக்கசிவோ துளையோ இருக்கலாம்.