டிரிபிள் நெட் குத்தகை: பேஸ் ரென்டுக்கு மேல் என்னென்ன கட்ட வேண்டும்?

"கலிஃபோர்னியாவில் சின்ன பேக்கரி திறக்கப் போகிறேன். 1,500 சதுர அடி, சதுர அடிக்கு 24 டாலர் என்று விளம்பரம். மாதம் 3,000 என்று கணக்குப் போட்டேன். புரோக்கர் 4,000 என்கிறார். ஏமாற்றுகிறாரா?"

இல்லை. 24 டாலர் என்பது வருடத்துக்கான பேஸ் ரென்ட் மட்டும். விளம்பரத்தில் அதன் பக்கத்திலேயே டிரிபிள் நெட் என்பதற்கு மூன்று 'என்' எழுத்து போட்டிருக்கும், பாருங்கள். கட்டடத்தின் சொத்து வரி, இன்ஷூரன்ஸ், பொதுப் பராமரிப்பு மூன்றிலும் உங்கள் பங்கு தனி என்று அர்த்தம். பராமரிப்பை எல்லோரும் 'கேம்' என்பார்கள். பார்க்கிங், விளக்கு, குப்பை, தோட்டம், மேனேஜ்மென்ட் கட்டணம் எல்லாம் அதற்குள் வரும்.

உங்கள் கட்டடம் மொத்தம் 10,000 சதுர அடி என்று வையுங்கள். வருடச் செலவு வரி 20,000, இன்ஷூரன்ஸ் 10,000, கேம் 50,000, ஆக 80,000 டாலர். உங்கள் பங்கு 15 சதவீதம், அதாவது 12,000. மாதம் ஆயிரம் ஏறியது இப்படித்தான். அந்த ஆயிரமும் முன்கூட்டிய மதிப்பீடுதான். வருட முடிவில் உண்மைச் செலவோடு ஒப்பிட்டு, நீங்கள் கட்டியது குறைந்திருந்தால் உங்களிடம் வாங்குவார்கள், கூடியிருந்தால் கழிப்பார்கள். அதற்கு ரீகன்சிலியேஷன் என்று பெயர்.

"அந்த 15 சதவீதம் மாறாதுதானே? என் கடை அளவு மாறவில்லையே."

மாறலாம். எதால் வகுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குத்தகைக்கு விடக்கூடிய மொத்தப் பரப்பால் வகுத்தால் 15. குத்தகைக்குப் போயிருக்கும் பரப்பால் வகுத்தால் கதையே வேறு. 2,500 சதுர அடி காலியாகக் கிடந்தால் 1,500-ஐ 7,500-ஆல் வகுப்பார்கள், 20 சதவீதம் வரும். அதே 80,000-க்கு 16,000 கட்டுவீர்கள். காலிக் கடையின் செலவை நீங்கள் சுமக்கிறீர்கள். பத்திரத்தில் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பிடியுங்கள். நான் யாருடைய பத்திரத்தைப் பார்த்தாலும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

"டிரிபிள் நெட் என்றால் கூரை உட்பட எல்லாமே கடைக்காரர் தலையில்தான். ஓனருக்கு ஒரு செலவும் கிடையாது. சரிதானே?"

பாதி சரி. ஒரே கடைக்காரர் முழுக் கட்டடத்தையும் எடுக்கும் 'ஆப்சல்யூட் நெட்' குத்தகை அப்படி இருக்கும். பல கடைகள் உள்ள இடத்தில் கூரையும் சுவரும் பெரும்பாலும் ஓனர் பொறுப்பு. ஏசி மட்டும் உங்கள் தலையில் விழுவது சகஜம். கையெழுத்துப் போடுமுன் அது எத்தனை வருடப் பழசு என்று ஒரு மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள்.

கூரையை முழுதாக மாற்றி அந்தச் செலவை வருடங்களுக்குப் பிரித்து கேமில் போடலாமா என்பதில் ஓயாத தகராறு உண்டு. எல்லாம் பத்திரத்தின் சொற்களைப் பொறுத்தது. பொதுவான விடை கிடையாது.

"எங்கள் அப்பார்ட்மென்டிலும் தண்ணீர், குப்பைக்குத் தனியாக வாங்குகிறார்கள். இதுவும் அதுவா?"

இல்லை, அது வீட்டு வாடகை. சட்டமே வேறு.

"எனக்கும் கலிஃபோர்னியாதான், 15 சதவீதப் பங்கு. போன வருடம் எங்கள் கட்டடம் கை மாறியது. இப்போது 3,000 டாலர் கூடுதலாகக் கட்டச் சொல்லி பில் வந்திருக்கிறது. நான் எதையும் மாற்றவில்லையே!"

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. 1978-இல் வந்த புரொபோசிஷன் 13-இன்படி, அங்கே சொத்தின் வரி மதிப்பு வழக்கமாக வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் விற்றால் சந்தை விலைக்குத் தாவிவிடும். 2 மில்லியன் மதிப்பில் இருந்த கட்டடம் 4 மில்லியனுக்குப் போனால், 1 சதவீத அடிப்படை வரி 20,000-இலிருந்து 40,000 ஆகும். உங்கள் பங்கு 3,000-இலிருந்து 6,000. உங்கள் பில் தொகையும் அதோடு ஒத்துப்போகிறது. வரி பில்லின் நகலைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

விற்பனையால் ஏறும் வரி கடைக்காரரைச் சேராது என்று ஒரு பிரிவு எழுதி வாங்கலாம். அது பத்திரத்தில் இல்லையென்றால் இனி ஒவ்வொரு வருடமும் இந்த உயர்ந்த தொகையே தொடரும்.

"என் பத்திரத்தில், செலவு வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று கேப் இருக்கிறது. எனக்கு இந்தத் தொல்லை வராது."

அந்தப் பிரிவை முழுதாகப் படித்தீர்களா? கேப் பெரும்பாலும் ஓனர் கட்டுப்படுத்தக்கூடிய செலவுகளுக்கு மட்டும்தான். வரியும் இன்ஷூரன்ஸும் அதற்கு வெளியே நிற்கும். அப்புறம், 'குமுலேட்டிவ்' என்ற சொல் இருந்தால், செலவு குறைவாக ஏறிய வருடத்தில் மிஞ்சிய சதவீதத்தைச் சேர்த்துவைத்து இன்னொரு வருடத்தில் வாங்கலாம். அந்த வாக்கியத்தை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.