கையில் தருகிற பிஎஃப் பணத்தை வாங்காதீர்கள்

கேள்வி: மாதாமாதம் சம்பளத்தில் பிஎஃப் பிடித்தார்கள், பாஸ்புக்கில் ஏறவில்லை. வேலையை விட்ட பிறகு கேட்டால் "பிடித்த பணத்தைக் கையில் தருகிறோம், கையெழுத்துப் போடு" என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் கங்கைகொண்டான் பக்கம் ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தபோது இதே பேச்சு எனக்கும் வந்தது.

அப்போது என் அடிப்படைச் சம்பளம் 12,000. அதில் 12 சதவீதம், 1,440 ரூபாய் பிடித்தார்கள். முதலாளியும் தன் பங்காக அதே 1,440 கட்ட வேண்டும். அதில் ஏறக்குறைய 1,000 பென்ஷன் கணக்குக்கும் மீதி 440 நம் பிஎஃப் கணக்குக்கும் போகும். 14 மாதம் ஏறவில்லை. எனக்குத் தருவதாகச் சொன்னது 20,160. அது முழுக்க என் சம்பளத்தில் பிடித்த பணம். முதலாளி கட்ட வேண்டிய இன்னொரு 20,160 பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. "அண்ணாச்சி, இதுவாவது கிடைக்குதே, வாங்கிக்கிடுங்க" என்றார் மேனேஜர். என்னோடு இருந்த ஒருவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மாத பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருட சேவை வேண்டும். பாஸ்புக்கில் இல்லாத மாதங்களை அதில் சேர்க்கச் சொல்லி அவர் பிறகு அலைந்ததைப் பார்த்தேன்.

முதலில் கம்பெனி உங்களுக்கு மட்டும் கட்டவில்லையா, யாருக்குமே கட்டவில்லையா என்று பாருங்கள். பிஎஃப் இணையதளத்தில் Establishment Search என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்கு என்பது தெரியும். எங்கள் மில்லில் எண்பது பேருக்கு மேல் இருந்த எண்ணிக்கை அந்த மாதங்களில் பத்துக்குள் வந்திருந்தது. ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் கட்டிவிட்டு, மெஷினில் நின்றவர்களை விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்தேன். "பேங்க் சர்வர் கோளாறு" என்று மில்லில் சொன்ன கதையெல்லாம் அதோடு நின்றது. ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், அதனால் போன மாதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதற வேண்டாம்.

அப்புறம் epfigms.gov.in தளத்தில் யூஏஎன் எண்ணோடு புகார். சம்பளச் சீட்டு, சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மெண்ட், பாஸ்புக் பிரிண்ட் மூன்றும் வேண்டும். "எனக்குப் பிஎஃப் வரவில்லை" என்று மொட்டையாக எழுதாமல், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, மாதம் எவ்வளவு என்று எழுதுங்கள். என் முதல் புகாரை "நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். சோர்ந்துவிடாமல் அந்தப் பதிவு எண்ணையும் சேர்த்து, திருநெல்வேலி மண்டல ஆணையருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். கூட வேலை பார்த்த சிலரும் கையெழுத்துப் போட்டார்கள். அமலாக்க அதிகாரி மில்லுக்கு வந்து சம்பளப் பதிவேட்டைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பிஎஃப் சட்டப்படி விசாரணை நடத்தி, பாக்கி இவ்வளவு என்று உத்தரவு போடுவார்கள். தாமதத்துக்கு வருடம் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். அப்போதும் கட்டாவிட்டால் கம்பெனியின் பேங்க் கணக்கை முடக்கி எடுக்கலாம். எங்கள் முதலாளி அந்தக் கட்டத்துக்கு விடாமல் தவணையாகக் கட்டினார், பாஸ்புக்கில் மாதம் மாதமாக ஏறியது. தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றவியல் சட்டப்படி நம்பிக்கை மோசடியாகவும் எடுத்துக்கொள்ளப்படும். போலீஸுக்கும் போகலாம், ஆனால் பணம் வருகிற வழி பிஎஃப் ஆபீஸ் விசாரணைதான். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்த விசாரணை தொடங்க ஐந்து வருடக் கெடு வைத்திருக்கிறார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

"புகார் கொடுத்தால் மில்லையே மூடிருவான், நாலு பேர் பிழைப்பு போயிரும்" என்று இங்கேயும் யாராவது எழுதுவார்கள். மில்லுக்குக் கஷ்டம் இருக்கலாம். என் சம்பளத்தில் பிடித்த பணத்தை எடுத்து அந்தக் கஷ்டத்தைச் சமாளிக்க யார் அனுமதி கொடுத்தது?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பணம் ஏறிய பிறகும் என் கிளைம் திரும்பி வந்தது. ஆதாரில் இனிஷியல், பிஎஃப் கணக்கில் அப்பா பெயர் முழுசாக. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இனிஷியல்தான் இருக்கும் என்பது இத்தனை வருடமாகியும் பிஎஃப் ஆபீஸுக்குத் தெரியாதா? அதைச் சரிசெய்யவும் பழைய கம்பெனியின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். எவன் மேல் புகார் கொடுத்தோமோ அவனிடமே போய் நிற்க வேண்டியிருந்தது. அதனால் புகார் எழுதும் முன் உங்கள் பெயர், பிறந்த தேதி இரண்டும் ஆதாரோடு ஒத்திருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.