ஜிக்ஜாக் அரே: முன்னால் அமைத்த ஜோடி ஏன் கலைவதில்லை?

கேள்வி: புதுச்சேரியில் இறுதியாண்டு படிக்கிறேன். அரேயை a < b > c < d என்று ஏறி இறங்கும்படி ஒரே லூப்பில் மாற்றச் சொல்கிறார்கள். கோடு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் இப்போது செய்யும் ஸ்வாப் முன்னால் சரிசெய்த ஜோடியைக் கெடுக்காதா?

இந்தச் சந்தேகம் வந்ததே நல்லது. கடலூரில் மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் கோடை ஒப்பித்துவிடுவார்கள், இந்த இடத்தில்தான் நிற்பார்கள். நேர்காணல் எடுப்பவர் தோண்டுவதும் இங்கேதான்.

முதலில் கோடு, பேச வசதியாக:

```python
def zigzag(a):
    for i in range(len(a) - 1):
        if i % 2 == 0:
            wrong = a[i] > a[i+1]
        else:
            wrong = a[i] < a[i+1]
        if wrong:
            a[i], a[i+1] = a[i+1], a[i]
```

இரட்டைப்படை இன்டெக்ஸ் பள்ளம், ஒற்றைப்படை இன்டெக்ஸ் மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 5, 8, 11, 14, 9, 2 என்ற அரேயை எடுப்போம்.

i = 0: 5, 8 ஏறுகிறது, சரி. i = 1: இங்கே 8 மேடாக இருக்க வேண்டும், ஆனால் அடுத்து நிற்பது 11. ஸ்வாப் செய்கிறோம்: 5, 11, 8, 14, 9, 2. உங்கள் பயம் இந்த இடத்தில்தான்: 5-க்கும் 8-க்கும் இருந்த உறவு போய், 5-க்குப் பக்கத்தில் 11 வந்துவிட்டதே? ஆனால் ஸ்வாப் ஏன் நடந்தது என்று பாருங்கள். 8-ஐ விட 11 பெரியது என்பதால்தான் நடந்தது. 5-ஐ விடப் பெரிய 8 இருந்த இடத்துக்கு, அந்த 8-ஐயும் விடப் பெரியது ஒன்று வருகிறது. மேடு இன்னும் உயர்ந்ததே தவிர, இடது பக்க உறவு உடையவில்லை.

i = 2-இல் 8, 14 சரி. i = 3-இல் 14, 9 சரி. i = 4-இல் 9 பள்ளமாக இருக்க வேண்டும், அடுத்தது 2. ஸ்வாப் செய்தால் 5, 11, 8, 14, 2, 9. இங்கே அதே விஷயம் தலைகீழாக நடக்கிறது: 14-ஐ விடச் சிறிய 9 இருந்த இடத்துக்கு, அதையும் விடச் சிறிய 2 வருகிறது. பள்ளம் இன்னும் ஆழமாகிறது, அவ்வளவுதான்.

ஆக, முதல் ஜோடியைத் தாண்டிய பிறகு, மூன்று எண்கள் ஒரே திசையில் ஏறினாலோ இறங்கினாலோ மட்டும்தான் ஸ்வாப் தேவைப்படும். அப்படி ஒரே திசையில் போகும் மூன்றில் கடைசி இரண்டை மாற்றினால் முதல் எண்ணின் உறவு தப்பாது. வலது பக்கம் தள்ளப்பட்ட எண்ணுக்கு அடுத்த எண்ணோடு இன்னும் கணக்குப் பார்க்கவே இல்லை. அதை அடுத்த சுற்று பார்த்துக்கொள்ளும். நேர்காணலில் இந்த வாதத்தைச் சொன்னாலே போதும்.

சிலர் "ஜோடி ஜோடியாகப் பார்த்தால் போதுமே" என்று `i`-ஐ இரண்டிரண்டாகக் கூட்டுவார்கள். இதே அரேயில் அப்படிச் செய்தால் 5, 8, 11, 14, 2, 9 கிடைக்கும். ஒவ்வொரு ஜோடியும் தனியாகச் சரிதான், ஆனால் 8-க்கு அடுத்து 11 நிற்கிறது. இரண்டிரண்டாகத்தான் போவேன் என்றால், ஒவ்வொரு மேட்டையும் அதன் இரண்டு பக்கத்தோடும் ஒப்பிட வேண்டும்.

முழுக்க சார்ட் செய்துவிட்டு, முதல் எண்ணை விட்டு மீதியை ஜோடியாக மாற்றினாலும் விடை வரும். ஆனால் அது O(n log n), இது O(n). அப்புறம், இரண்டு வழியிலும் விடை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்றில்லை. உங்கள் வெளியீடு நண்பருடையதிலிருந்து வேறுபட்டால் பதற வேண்டாம், பக்கத்துப் பக்கத்து எண்கள் நிபந்தனைக்கு உட்படுகின்றனவா என்று மட்டும் சோதியுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்த முறை கைவிடும். 2, 2, 1, 3 கொடுத்துப் பாருங்கள்: ஒரு ஸ்வாப்பும் நடக்காது, முதல் இரண்டும் சமமாகவே நிற்கும். சமம் இருக்கலாம் என்றால் இது சரியான விடை. கண்டிப்பாக < வேண்டும் என்றால் தப்பு, ஏனென்றால் 2, 3, 1, 2 என்று ஒரு விடை இருக்கிறது. அதைப் பிடிக்க சார்ட் செய்து (1, 2, 2, 3) நடுவில் பிரித்து, சிறிய பாதியைத் தலைகீழாகப் பள்ளங்களிலும் பெரிய பாதியைத் தலைகீழாக மேடுகளிலும் வைக்க வேண்டும்; எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் நடு எண் சிறிய பாதிக்குப் போகும். 2, 2, 2, 5 போன்றவற்றுக்கு எந்த முறையிலும் விடை கிடையாது. அதனால் கோடு எழுதத் தொடங்கும் முன்பே "எண்கள் திரும்ப வருமா, வந்தால் சமம் ஏற்கப்படுமா" என்று கேட்டுவிடுங்கள்.