முதல் மின்னஞ்சலில் எழுத வேண்டிய நான்கு வரிகள்

கேள்வி: ஒசாகாவில் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 தேறியிருக்கிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் பயிற்சிப் பணி பற்றி மின்னஞ்சலில் கேட்க வேண்டும். அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒருவர் 5,000 யென்னுக்கு மாதிரிக் கடிதம் கொடுத்தார். அது 'இட்சுமோ ஒசெவா நி நத்தே ஒரிமாசு' என்று தொடங்குகிறது. அப்படியே அனுப்பலாமா? – வாசகி, ஒசாகா

பதில்: அனுப்பாதீர்கள். முதலில் அந்த வரியை நீக்குங்கள். எப்போதும் தங்கள் தயவில் இருக்கிறோம் என்பது அதன் கருத்து. ஏற்கெனவே பழக்கமுள்ளவர்களுக்கு எழுதும் வரி அது. நீங்களோ அந்த நிறுவனத்தோடு இதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை. பெறுபவர் முதல் வரியைப் படித்ததும் 'இவர் யார், நமக்கு எப்போது எழுதினார்?' என்று பழைய அஞ்சல்களில் தேடுவார். தேடிப் பார்த்து எதுவும் கிடைக்காவிட்டால், யாருக்கோ எழுதியதை நகலெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்.

ஆனால் ஜப்பானியர்களே முதல் கடிதத்தில் அதை எழுதுகிறார்களே என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். எழுதுகிறார்கள்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஊழியர் இன்னொரு நிறுவனத்துக்கு எழுதும்போது, அவர் தனி ஆளாக எழுதவில்லை. இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே எங்காவது தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்தில் 'இட்சுமோ'வை விட்டுவிட்டு 'ஒசெவா நி நத்தே ஒரிமாசு' என்று மட்டும் எழுதுவது வழக்கத்தில் உண்டு. மாணவிக்கு அந்தப் பின்புலம் இல்லை. நிறுவனத்தின் அறிமுகக் கூட்டத்துக்கு நீங்கள் ஏற்கெனவே போயிருந்தால் நிலைமை வேறு. அப்போது அந்தக் கூட்டத்தைக் குறிப்பிட்டு நன்றி சொல்லித் தொடங்கலாம். நீங்கள் எழுதி, அங்கிருந்து ஓர் ஆள் பதில் எழுதிவிட்டால், இரண்டாவது கடிதத்திலிருந்து 'ஒசெவா' வரியைத் தாராளமாக எழுதலாம். 'தங்கள் அஞ்சல் கிடைத்தது' என்று இயந்திரம் அனுப்பும் தானியங்கிப் பதில் இதில் சேராது.

உங்களுக்குத் தேவையான தொடக்கம் இவ்வளவுதான்:

```
件名：インターンシップのお問い合わせ（〇〇専門学校・〇〇）

株式会社〇〇
人事部 採用ご担当者様

突然のご連絡失礼いたします。
〇〇専門学校2年の〇〇と申します。
貴社ホームページでインターンシップの募集を拝見し、
ご連絡いたしました。
```

தலைப்பில் விஷயமும், அடைப்புக்குறிக்குள் உங்கள் கல்லூரியும் பெயரும். அதன் கீழே யாருக்கு என்ற விவரம். பிறகு 'தொட்சுஜென் நோ கோரென்ராக்கு ஷிட்சுரெய் இதாஷிமாசு', அதாவது திடீரென்று தொடர்புகொள்வதற்கு மன்னிக்க வேண்டும் என்ற வரி. அடுத்து நீங்கள் யார். அதற்கடுத்து ஏன் எழுதுகிறீர்கள். இதற்கு மேல் வசந்தம், மழைக்காலம் என்று பருவ நலம் விசாரிப்பதோ 'ஹைகேய்' என்று தொடங்குவதோ வேண்டாம். அவை தாளில் எழுதும் கடிதத்துக்கு உரியவை.

நிறுவனத்தின் பெயரில் கவனம் தேவை. 'கபுஷிகி கைஷா' என்ற சொல் சில நிறுவனங்களின் பெயருக்கு முன்னும் சிலவற்றின் பெயருக்குப் பின்னும் வரும். இடம் மாறினால் அது அவர்களுடைய பெயரே அல்ல. இணையதளத்தில் 会社概要 என்ற பக்கத்தைத் திறந்து, அங்கிருப்பதை அப்படியே எடுத்து ஒட்டுங்கள். (株) என்று சுருக்காதீர்கள்.

உங்களுக்கு ஆளின் பெயர் தெரியாததால் 'சாய்யோ கோதாந்தோஷா சாமா', அதாவது ஆள்சேர்ப்புப் பொறுப்பாளர் அவர்களுக்கு என்று எழுதினால் போதும். துறைக்கு மட்டும் எழுதுவதானால் 人事部御中 என்று முடிக்கலாம். இரண்டையும் சேர்த்து 人事部御中 採用ご担当者様 என்று எழுதக் கூடாது. விலைக்கு வாங்கும் மாதிரிகளில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை இதுதான். மரியாதையைக் கூட்டினால் நல்லது என்று நினைத்து இரண்டையும் போடுகிறார்கள். படிப்பவருக்கு அது எழுதத் தெரியாதவர் எழுதியதாகத்தான் படும்.

உங்கள் பெயரை வசிப்பிட அட்டையில் உள்ள வரிசையிலேயே கதக்கானாவில் எழுதுங்கள். நம்மில் பலருக்கு அட்டையில் தந்தையின் பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும். முதல் அறிமுகத்தில் முழுப்பெயரும் இருக்கட்டும். ஒரு முறை தேர்ந்தெடுத்த கதக்கானா எழுத்துகளையே விண்ணப்பத்திலும் சுயவிவரத்திலும் பயன்படுத்துங்கள். ஓர் இடத்தில் நெடில், இன்னோர் இடத்தில் குறில் என்று மாறினால் இரண்டு பேர் விண்ணப்பித்ததாக நினைக்க இடமுண்டு.

அனுப்பும் முன் 〇〇 எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். இந்த இரட்டை வட்டம் மாதிரிகளில் நிரப்ப வேண்டிய வெற்றிடத்தைக் குறிப்பது. அது மாறாமலே நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டத்தை விட மோசமானது, முன்பு வாங்கியவர் எழுதிய வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே இருப்பது. அதைப் படித்த பிறகு உங்கள் கடிதத்துக்குப் பதில் வராது.

என்2 தேறியவருக்கு நான்கு வரி எழுதத் தெரியவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அந்தத் தேர்வில் எழுத்துத் திறனைச் சோதிக்கும் பகுதியே கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அதற்கென்றே வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்கும் பள்ளிகள், மாணவர் முதலில் செய்ய வேண்டிய வேலையான ஒரு மின்னஞ்சலைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. அந்த இடைவெளியில்தான் 5,000 யென் கேட்பவர்கள் கடை விரிக்கிறார்கள்.

இப்போது அவரைப் பற்றி. அவர் கொடுத்த மாதிரியின் கடைசியில் கையொப்பப் பகுதியைப் பாருங்கள். அங்கே அவருடைய தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருந்தால், நிறுவனத்தின் பதில் அவருக்குத்தான் போகும். உங்களை வரவழைப்பதும் அவர் கையில், 'பேசி முடித்துவிட்டேன்' என்று அடுத்த தொகையைக் கேட்பதும் அவர் கையில். நகல் அனுப்பும் இடத்திலும் அவர் முகவரி இருக்கக் கூடாது.

ஜப்பானில் கட்டணம் பெற்று வேலை தேடித் தருபவர்களுக்கு அரசு அனுமதி வேண்டும். அனுமதி எண்ணின் நடுவில் ユ என்ற எழுத்து வரும். ஒசாகாவில் பெற்றதென்றால் 27-ユ- என்று தொடங்கும். தொழிலாளர் நல அமைச்சகத்தின் 人材サービス総合サイト தளத்தில் அந்த எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். அனுமதி பெற்றவரும் பணத்தை வேலை கொடுக்கும் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும், வேலை தேடும் மாணவியிடம் வாங்கக் கூடாது என்பதே சட்டம். எண்ணைக் கேளுங்கள். காட்டாவிட்டால் கொடுத்த 5,000 யென்னோடு கணக்கை முடித்துவிடுங்கள்.

எழுதும் கடிதத்தில் நிறுவனத்தைக் 'கிஷா' என்று குறிப்பிடுங்கள். நேர்காணலில் பேசும்போது 'ஒன்ஷா'. கையொப்பத்தில் உங்கள் பெயர், கல்லூரி, துறை, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை இருக்கட்டும். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதிலிருந்தே அனுப்புங்கள். ஆனால் அறிவிப்பில் படிவத்தின் வழியாக மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தால் மின்னஞ்சல் அனுப்பவே வேண்டாம்; படிவத்தை நிரப்புங்கள்.