எஸ்ட்ராடையாலும் 5 நிமிட விளைவும்

"செல்களில் எஸ்ட்ராடையால் ஹார்மோனைச் சேர்த்த 5 நிமிடத்தில் ஈஆர்கே என்ற சமிக்ஞைப் புரதத்தில் பாஸ்பேட் ஏறிவிடுகிறது. ஹார்மோனின் ஏற்பியான ஈஆர்-ஆல்ஃபா உட்கருவில்தானே இருக்கிறது, இவ்வளவு வேகம் எப்படி?"

அது மரபணுப் படியெடுப்பால் வந்ததல்ல. ஏற்பி டிஎன்ஏ-வில் அமர்ந்து, ஆர்என்ஏ உருவாகி, புதிய புரதம் சேர்வதற்குப் பொதுவாக மணிக்கணக்கில் ஆகும்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: அதே ஈஆர்-ஆல்ஃபாவில் ஒரு சிறு பங்கு, பால்மிட்டிக் அமிலம் ஒட்டியதால், செல் சவ்வின் உட்புறம் தங்கி, பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் நொதிகளைத் தூண்டுகிறது. ஜிபிஇஆர் என்ற தனிச் சவ்வு ஏற்பியாகவும் இருக்கலாம்.

படியெடுப்பை நிறுத்தும் ஆக்டினோமைசின் டி-யை 30 நிமிடம் முன்பே கொடுத்துப் பாருங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்பேட் ஏறிய ஈஆர்கே-யின் பட்டை அப்படியே வந்தால் படியெடுப்புக்கு அதில் பங்கில்லை. அப்புறம், கரைப்பான் மட்டும் சேர்த்த தட்டும் வேண்டும். ஊடகம் மாற்றுவதே சில நேரம் ஈஆர்கே-யைக் கிளப்பிவிடும்.

ஃபுல்வெஸ்ட்ரன்ட்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அது ஈஆர்-ஐத் தடுக்கும், ஆனால் ஜிபிஇஆர்-ஐத் தூண்டும்.