மூன்றாம் பந்தியில் சாம்பார் தீர்ந்தால் பெண்ணின் அப்பாவிடம் என்ன பேசுவது?

கேள்வி: மதுரையில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். போன முகூர்த்தத்தில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம். ஒரு மண்டபத்துக்குப் போகவேண்டிய சாம்பார், பாயச அண்டாக்களை மாஸ்டர் மற்ற வண்டியில் ஏற்றிவிட்டார். மூன்றாம் பந்தியில் 80 இலைக்கு ரசமும் மோரும்தான். உட்கார்ந்தது மாப்பிள்ளை வீட்டார். 600 இலைக்குப் பேசினோம், வழக்கம்போல் பத்து சதவீதம் கூட்டிச் சமைத்தோம், வந்தது 640. இலை 220 ரூபாய், பாக்கி 82,000 வரவேண்டும். பெண்ணின் அப்பாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும். எப்படிப் பேசுவது?

பதில்: முதலில் வினைச்சொல்லைச் சரிசெய்யுங்கள். நம் பேச்சில் தப்பிக்க ஒரு வசதி இருக்கிறது: "குறைஞ்சுபோச்சு", "மாறிடுச்சு", "தெரியாம நடந்துடுச்சு". செய்தவர் யாரென்றே இல்லாமல் தவறு தானாக நடந்துவிடும். கேட்பவர் காதில் இதுதான் முதலில் உறுத்தும். "நான் ரெண்டு கல்யாணத்தை ஒரே நாள்ல எடுத்தேன், உங்க மண்டபத்துல நான் நிக்கல" என்று சொல்லிப் பாருங்கள். 'நாங்க' கூட வேண்டாம், 'நான்'. மாஸ்டர் பெயர் வாயில் வரவே கூடாது. வண்டியில் ஏற்றியது அவராக இருக்கலாம், அன்றைக்கு இரண்டு முகூர்த்தம் ஒப்புக்கொண்டது நீங்கள். காரணம் சொல்லலாம், அது உங்களிடம் வந்து முடியவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து அந்த 640. "நீங்க 600தான் சொன்னீங்க" என்று நாக்கு நுனிவரை வரும். பத்து சதவீதம் கூட்டினால் 660 ஆகிறது. வந்தவர்கள் அதற்குள் அடக்கம். கணக்கே உங்களுக்கு எதிராக நிற்கும்போது அதை எடுத்தால் சண்டைதான் மிஞ்சும். ஒருவேளை 800 பேர் வந்திருந்தாலும் அதை பில் பேசும் நாளில் பேசலாம், மன்னிப்புக் கேட்கும் நாளில் அல்ல.

போனில் நேரம் மட்டும் கேளுங்கள். தனியாகப் போங்கள். பழத்தட்டு வேண்டாம், அது விசேஷத்துக்குப் போவதுபோல் இருக்கும். பேசுவது ஒரு நிமிடத்துக்குள் அடங்கவேண்டும். வீட்டில் வாய்விட்டுச் சொல்லி நேரம் பாருங்கள். ஏறக்குறைய இப்படி:

"ஐயா, மூணாம் பந்தியில 80 இலைக்கு சாம்பாரும் பாயசமும் இல்லாம பண்ணிட்டேன். ரெண்டு கல்யாணத்தை ஒரே நாள்ல எடுத்தேன், உங்க மண்டபத்துல நான் நிக்கல. தப்பு என்னோடது. சம்பந்தி வீட்டார் முன்னாடி உங்களைத் தலைகுனிய வச்சுட்டேன். அந்த 80 இலைக்குக் காசு வாங்கமாட்டேன். நீங்க சரின்னா சம்பந்தி வீட்டுக்கு நானே போய், தப்பு என்மேலதான்னு சொல்லிட்டு வர்றேன். இனிமே ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம்தான். மன்னிச்சிடுங்க ஐயா."

மன்னிப்பைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் ஆறு கூறுகளில் பொறுப்பேற்பதே அதிகம் எடுபட்டது. அடுத்தது சரிசெய்து தருவது. 'மன்னித்துவிடுங்கள்' என்று கேட்பதுதான் எல்லாவற்றிலும் குறைவாக எடுபட்டது. நம் ஊரில் மனிதர்கள் அதைத்தான் முதலில் சொல்லி, திரும்பத் திரும்பச் சொல்லி, எதிரில் இருப்பவரை "பரவாயில்ல" என்று சொல்லவைக்கப் பார்க்கிறார்கள். "மனசு கஷ்டப்பட்டிருந்தா" என்ற 'இருந்தா'வும் வேண்டாம். கஷ்டப்பட்டிருக்கிறார், சந்தேகம் எதற்கு?

இந்த விஷயத்தில் போனது சாம்பாரைவிடச் சம்பந்தி முன்னால் மரியாதை. அதனால் 17,600 ரூபாய் கழிவைவிட, நீங்களே அங்கே போய்ச் சொல்கிறேன் என்பதுதான் கனமான ஈடு. ஆனால் அவர் அனுமதி இல்லாமல் போய்விடாதீர்கள். பேச்சே வேண்டாமென்று அவர் நினைக்கலாம். அடுத்த விசேஷத்துக்குக் கழிவு தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள், அது ஆர்டர் பிடிக்கும் பேச்சு.

பேசி முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். "என் மானமே போச்சுய்யா" என்று கத்துவார். அப்போது "ஆமாங்கய்யா" போதும். "புரியுது, ஆனா..." என்று தொடங்கினால், அந்த 'ஆனா' அதுவரை பேசிய ஒரு நிமிடத்தையும் அழித்துவிடும். குரலை அவருக்குச் சமமாக உயர்த்தாதீர்கள். அழுது, அவரே உங்களைத் தேற்றும்படியும் செய்யாதீர்கள்.

யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கதையே வேறு. அப்போது ஆஸ்பத்திரிக்கு உடனே போய் விசாரியுங்கள், ஆனால் காரணம் பற்றி வாய் திறக்குமுன் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

பாக்கியைப் பற்றி அன்று நீங்களாக எடுக்காதீர்கள். அவர் கேட்டால் மட்டும், கழித்தது போக 64,400 என்று எழுதிய பில்லைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.