முழங்கை மடங்கும்போது கை ஏன் மெலிந்து போகிறது?

"சார், ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் ஒரு பாட்டியின் கதையை கோடோவில் 2டி அனிமேஷனாகச் செய்கிறேன். கை முழுவதும் ஒரே படம், அதற்குள் இரண்டு எலும்பு. கிளையிலிருந்து இடுப்புப் பைக்குக் கையைக் கொண்டுவரும்போது முழங்கை காகிதத்தை மடித்ததுபோல் தட்டையாகிவிடுகிறது. வெயிட்டை எத்தனை விதமாகப் பூசியும் சரியாகவில்லை. எங்கே தப்பு?"
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். UV எடிட்டரில் கையின் ஓரக்கோட்டுக்குள்ளே புள்ளிகள் வைத்திருந்தால், Polygons பகுதிக்குப் போய் அவற்றை இணைத்து முக்கோணங்கள் வரைந்தீர்களா? வரையாவிட்டால் கோடோ ஓரப் புள்ளிகளை மட்டுமே வைத்துத் தானாக முக்கோணம் போட்டுக்கொள்ளும். உள்ளே வைத்த புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒரு வேலையும் செய்யாது. பலருக்கும் கோளாறு இத்தோடு தீர்ந்துவிடும்.

அதைச் செய்த பிறகும் முழங்கை மெலிந்தால், குறை உங்கள் பூச்சில் இல்லை. ஒரு புள்ளி எந்த எலும்பை எவ்வளவு பின்பற்றும் என்பதுதான் வெயிட்; அது கணக்கிடப்படும் முறையிலேயே குறை இருக்கிறது.

முழங்கை மூட்டுக்கு நேர் வெளியே, ஓரத்தில் இருக்கும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதற்கு மேற்கை பாதி, முன்கை பாதி வெயிட். முன்கை 120 டிகிரி மடங்குகிறது. மேற்கையோடு மட்டும் ஒட்டியிருந்தால் அந்தப் புள்ளி இருந்த இடத்திலேயே நிற்கும். முன்கையோடு மட்டும் ஒட்டியிருந்தால் மூட்டைச் சுற்றி 120 டிகிரி நகர்ந்திருக்கும். கணினி இந்த இரண்டு இடங்களுக்கும் நடுப்புள்ளியை எடுக்கிறது. இரண்டு இடங்களும் மூட்டை மையமாகக் கொண்ட ஒரே வட்டத்தின் மேல் இருக்கின்றன. வட்டத்தின் மேல் உள்ள இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால், அதன் நடு வட்டத்துக்கு உள்ளேதான் விழும். புள்ளி மூட்டை நோக்கி இழுபடுவது இதனால்தான். உள்பக்க ஓரத்துக்கும் இதே கதி. இரண்டு ஓரமும் மூட்டை நோக்கி வந்தால் கை தட்டையாகாமல் என்ன செய்யும்?

எவ்வளவு மெலியும் என்பதையும் சொல்லிவிடலாம். மடங்கும் கோணத்தின் பாதிக்கு கொசைன் எடுத்தால், மிஞ்சும் தடிமனின் பங்கு கிடைக்கும். உங்கள் பாட்டியின் கை 80 பிக்சல் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 90 டிகிரி மடக்கினால் மூட்டில் 57 பிக்சல்தான் மிஞ்சும். 120 டிகிரியில் சரிபாதி, 40 பிக்சல். பூச்சைக் கூட்டிக் குறைத்தால் மெலிவு சற்று இடம் மாறும், போகாது.

எனவே மூட்டுக்கு நேராகக் குறுக்கே இருக்கும் நடுவரிசைப் புள்ளிகளை இரண்டு எலும்புக்கும் பங்கு போடாதீர்கள். அவற்றுக்கென்று மூன்றாவதாக ஒரு எலும்பு கொடுங்கள். மூட்டு இருக்கும் அதே இடத்தில், மேற்கையின் பிள்ளையாக, முன்கைக்கு உடன்பிறப்பாக ஒரு Bone2D. முன்கை எவ்வளவு திரும்புகிறதோ அதில் பாதி மட்டும் இது திரும்ப வேண்டும். நடுவரிசை முழு வெயிட்டோடு இதைப் பின்பற்றினால் அங்கே சராசரி எடுக்கும் வேலையே இல்லை. புள்ளிகள் வட்டத்தின் மேலேயே நகரும், 80 பிக்சல் 80 ஆகவே நிற்கும். வெளிமுழங்கை உருண்டையாகத் தெரியும்.

கோடோ 4-இல் அந்த எலும்புக்கு இந்தச் சிறு ஸ்கிரிப்ட் போதும்:

```gdscript
@tool
extends Bone2D
@export var forearm: Bone2D

func _process(_delta):
	if forearm:
		rotation = forearm.rotation * 0.5
```

கை நேராக நீட்டியபடி வரையப்பட்டு, அந்த நிலையில் முன்கையின் rotation பூஜ்யமாக இருந்தால்தான் இது பொருந்தும். எலும்பைச் சேர்த்ததும், எதையும் மடக்குவதற்கு முன், Skeleton2D மெனுவில் Overwrite Rest Pose கொடுங்கள். பிறகு Polygon2D-யின் Bones பகுதியில் Sync Bones to Polygon அழுத்தினால் புதிய எலும்பு பட்டியலில் வரும். ஓடும்போது முழங்கை ஒரு ஃபிரேம் பின்தங்கி நடுங்கினால், AnimationPlayer-க்கு முன்பே இந்த ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்று அர்த்தம். எலும்பின் process_priority-ஐ 10 ஆக்குங்கள். ஸ்பைன் மென்பொருள் பயன்படுத்துவோர் ஸ்கிரிப்ட் எழுத வேண்டியதில்லை. ட்ரான்ஸ்ஃபார்ம் கன்ஸ்ட்ரெயின்ட்டில் சுழற்சியை 50 சதவீதம் வைத்தால் போதும்.

அடுத்தது உள்பக்க மடிப்பு. இது மெலிவிலிருந்து வேறான கோளாறு. மெலிவில் கை ஒடுங்கும். இதில் மேற்கையின் உள்ஓரமும் முன்கையின் உள்ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அந்த இடத்தில் படம் பல்பல்லாகக் கிழிந்து தெரியும். வளையும் பகுதிக்குப் போதிய நீளம் விடாததுதான் காரணம். கையின் பாதித் தடிமனை, பாதிக் கோணத்தின் டேஞ்சன்ட்டால் பெருக்குங்கள். அந்தத் தூரத்துக்குள் ஒரே எலும்போடு இறுக ஒட்டிய உள்ஓரப் புள்ளி இருந்தால் அது எதிர்ப்பக்கத்துக்குள் நுழைந்துவிடும். 90 டிகிரிக்கு இது 40 பிக்சல். 120 டிகிரிக்கு ஏறக்குறைய 70.

ஆகவே உங்கள் கைக்கு மூட்டருகே ஐந்து வரிசை வையுங்கள். மூட்டின் மேலே ஒன்று. இரு பக்கமும் 35 பிக்சல் தள்ளி ஒவ்வொன்று. 70 பிக்சல் தள்ளி ஒவ்வொன்று. வரிசைக்கு வெளிஓரம், நடு, உள்ஓரம் என மூன்று புள்ளி, மொத்தம் பதினைந்து. மூட்டு வரிசை முழுக்க புதிய எலும்புக்கு. 35 பிக்சல் வரிசையில் பாதி புதிய எலும்புக்கு, பாதி அந்தப் பக்கத்து எலும்புக்கு. இங்கே சராசரி மறுபடி வருகிறது. ஆனால் இப்போது இரண்டு எலும்புக்கும் இடையே 60 டிகிரிதான் வித்தியாசம் என்பதால் சுருக்கம் 13 சதவீதத்தோடு நின்றுவிடும், கண் பொறுத்துக்கொள்ளும். 70 பிக்சல் வரிசையும் அதற்கு அப்பால் உள்ளவையும் தத்தம் எலும்புக்கே முழுதாக. வரிசைகளை இன்னும் நெருக்கி அடுக்க ஆசை வரும், வேண்டாம். புள்ளி கூடக் கூட ஒன்று தவறான வெயிட்டோடு கண்ணில் படாமல் தங்கிவிடும்.

வெயிட் சரியா என்று பார்க்க, பாட்டியின் ஸ்வெட்டர் படத்தைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு போட்ட படத்தை வையுங்கள். பிறகு முன்கையை 0 முதல் 120 வரை மெல்ல நகர்த்துங்கள். வெளிப்பக்கம் பட்டைகள் விசிறிபோல் விரியும். நீளம் முக்கால் பங்கு வரை கூடும், அது இயல்பு. பட்டைகள் மூட்டில் ஒடுங்கினால் நடுவரிசையில் ஏதோ ஒரு புள்ளி இன்னும் பழைய இரண்டு எலும்புக்குப் பங்காகிக் கிடக்கிறது. ஒரே ஒரு பட்டை மட்டும் வெட்டி இழுத்தால், அந்த வரிசையின் மூன்று புள்ளிகளுக்கும் வெயிட் ஒன்றாக இல்லை.

வெளிப்பக்கம் இப்படி நீள்வதால் ஸ்வெட்டரில் கட்டம் போட்ட டிசைன் வரைந்திருந்தால் உறுத்தும். முழங்கையை ஒட்டி ஒற்றை நிறமாக விட்டுவிடுவது நல்லது. வளையலை இந்த மெஷ்ஷுக்குள் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது தனிப் படமாக, முன்கை எலும்பின் பிள்ளையாக இருக்கட்டும். கண்ணாடி வளையல் ரப்பர்போல் வளைந்தால் கையின் மற்ற நேர்த்தியெல்லாம் வீணாகிவிடும்.

இந்த ஏற்பாடு சுமார் 120 டிகிரி வரை தாங்கும். பாட்டி முக்காட்டைச் சரிசெய்யக் கையைத் தலைக்குக் கொண்டுபோகும் காட்சி இருந்தால் மடிப்பு 140-ஐத் தாண்டும். வளையும் பகுதிக்கு அப்போது 110 பிக்சல் தேவைப்படும், அவ்வளவு விட்டால் கை எலும்பில்லாத குழாய்போல் ஆகிவிடும். அந்த ஒரு காட்சிக்கு மடங்கிய கையைத் தனியாக வரைந்து, கை வேகமாக நகரும் ஃபிரேமில் மாற்றிவிடுங்கள்.